சந்தை மூடுவது 4 மணிக்கு, ஆப்ஷன் உரிமை முடிவது 5.30 மணிக்கு

கேள்வி: "சிங்கப்பூரிலிருந்து அமெரிக்க ஆப்ஷன்களில் வணிகம் செய்கிறேன். 2025 மே 16 வெள்ளிக்கிழமை முடியும், எஸ் அண்ட் பி 500 குறியீட்டு இடிஎஃபான SPY-இன் 594 புட் இரண்டை விற்று, பாதுகாப்புக்கு 590 புட் இரண்டை வாங்கியிருந்தேன். SPY 594.20 டாலரில் முடிந்ததால் இரண்டும் மதிப்பில்லாமல் போய்விட்டன என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். பிறகு பார்த்தால் கணக்கில் 200 பங்குகள் இருந்தன. திங்கள் இரவு சந்தை திறந்ததும் மார்ஜின் போதவில்லை என்று தரகர் அவற்றை 588 டாலரை ஒட்டி விற்றுவிட்டார். அதிகபட்ச நஷ்டம் 800 டாலர் என்றுதான் திரையில் இருந்தது. ஏறத்தாழ 1,200 டாலர் போய்விட்டது. இது தரகரின் தவறா?"

அந்த 200 பங்குகள் உங்கள் கணக்குக்கு வந்ததில் தவறு எதுவும் இல்லை. நீங்கள் விற்ற புட்டை, அதாவது SPY-ஐ 594 டாலருக்கு உங்களிடம் விற்கும் உரிமையை, வாங்கி வைத்திருந்த யாரோ ஒருவர், சந்தை மூடிய பிறகும் தனக்கு மீதமிருந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். அந்த நேரம் அவருக்கு விதிப்படி உண்டு. விற்றவரான உங்களுக்குக் கிடையாது. தரகு நிறுவனமொன்றில், ஆப்ஷன்கள் முடியும் எக்ஸ்பைரி நாளின் கணக்குகளைப் பார்க்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சனிக்கிழமை காலைகளில் எங்களுக்கு வந்த புகார்களில் பெரும்பகுதி இந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியதுதான்.

முதலில் விதி. அமெரிக்காவில் பங்குகள், இடிஎஃப்கள் மீதான ஆப்ஷன்களை வாங்கியவர், எக்ஸ்பைரி நாளன்று நியூயார்க் நேரம் மாலை 5.30 வரை தன் உரிமையைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம். தரகர்களை ஒழுங்குபடுத்தும் ஃபின்ரா அமைப்பின் 2360-ஆம் விதியும் ஆப்ஷன் சந்தைகளின் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. பங்குச் சந்தையின் வழக்கமான வணிகம் முடிவதோ 4 மணிக்கு. அதன் பிறகும் இரவு 8 மணி வரை, குறைந்த அளவில், பங்குகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே 4 மணிக்கும் 5.30-க்கும் இடையில் ஏதாவது செய்தி வந்து விலை நகர்ந்தால், ஆப்ஷனை வாங்கியவர் அந்தப் புதிய விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அப்படியானால் 4 மணி விலைக்கு என்னதான் மதிப்பு என்று கேட்பீர்கள். ஆப்ஷன் ஒப்பந்தங்கள் அனைத்தையும் தீர்த்துவைக்கும் ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன், சுருக்கமாக ஓசிசி, ஒரு வசதிக்காக அந்த விலையை வைத்துக்கொள்கிறது. வழக்கமான வணிகத்தின் முடிவு விலைப்படி ஓர் ஆப்ஷன் ஒரு சென்ட்டாவது லாபத்தில் இருந்தால், வேறு அறிவுறுத்தல் வராதவரை, உரிமை பயன்படுத்தப்பட்டதாகவே ஓசிசி எடுத்துக்கொள்ளும். லாபத்தில் இல்லையென்றால் கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்ளும். இதைத் தீர்ப்பு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எதுவுமே சொல்லாதவர்களுக்காக வைத்திருக்கும் ஓர் இயல்பு நிலைதான் இது. வாங்கியவர் விரும்பினால் லாபத்தில் முடிந்த ஆப்ஷனை "பயன்படுத்த வேண்டாம்" என்று சொல்லலாம். நஷ்டத்தில் முடிந்ததை "பயன்படுத்து" என்றும் சொல்லலாம். 594.20-இல் முடிந்த SPY-க்கு 594 புட் லாபத்துக்கு இருபது சென்ட் வெளியே இருந்தது. இயல்பு நிலைப்படி அது செத்துப்போயிருக்க வேண்டும். வாங்கியவர்களில் சிலர் அதை உயிர்ப்பித்தார்கள்.

ஏன் உயிர்ப்பித்தார்கள் என்பதற்கான காரணம் அன்று மாலை வந்த செய்தியில் இருக்கிறது. அன்று மே மாதத்தின் மூன்றாவது வெள்ளி, மாதாந்திர எக்ஸ்பைரி. சந்தை மூடிய பின், 5 மணியை ஒட்டி, மூடிஸ் நிறுவனம் அமெரிக்க அரசின் கடன் தரத்தை அதன் மிக உயர்ந்த படியான ஏஏஏ-யிலிருந்து ஒரு படி இறக்கி ஏஏ1 ஆக்கியது. SPY பின்மாலை வணிகத்தில் சுமார் 0.4 சதவீதம் இறங்கியது. 594.20-இல் 0.4 சதவீதம் என்பது ஏறத்தாழ 2.40 டாலர். ஆக, விலை 591.80 பக்கம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது 594 புட்டைக் கையில் வைத்திருப்பவரின் கணக்கைப் பாருங்கள். அவர் பின்மாலை வணிகத்தில் 100 பங்குகளை 591.80-க்கு வாங்கிக்கொண்டு, புட் உரிமையைப் பயன்படுத்தி 594-க்கு விற்றால், ஓர் ஒப்பந்தத்துக்கு 220 டாலர் கிடைக்கும். 4 மணிக்குக் குப்பை என்று தோன்றிய காகிதம் 5 மணிக்கு 220 டாலர் பெறுகிறது. சந்தை ஆக்கம் செய்யும் நிறுவனங்கள் இதற்காகவே வெள்ளி மாலைகளில் 5.30 வரை ஆள் வைத்துக் கவனிக்கின்றன.

இந்தச் செய்தி வந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். 5.30 என்பது விதி தரும் கடைசி எல்லை. தரகர் தன் வாடிக்கையாளர்களுக்கு அதைவிட முந்தைய நேரத்தை வைத்துக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. வாடிக்கையாளர்கள் சொல்வதைத் திரட்டிச் சரிபார்த்து மேலே அனுப்ப அவர்களுக்குச் சிறிது நேரம் வேண்டும் என்பதே காரணம். சில்லறை வாடிக்கையாளர்களுக்கு 4.30 அல்லது 5 மணியோடு கதவை மூடும் தரகர்கள் உண்டு. அதே 594 புட்டை வைத்திருந்த மூன்று பேரை எண்ணிப்பாருங்கள். 4.30-க்கு மூடும் தரகரிடம் இருந்தவருக்குச் செய்தி வருவதற்கு முன்பே கதவு மூடிவிட்டது. 5 மணிக்கு மூடும் தரகரிடம் இருந்தவருக்குச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ளச் சில நிமிடங்கள் இருந்திருந்தாலே அதிகம். 5.30 வரை ஏற்கும் தரகரிடமோ, நேரடியாகத் தீர்வு அமைப்போடு தொடர்புள்ள நிறுவனத்திலோ இருந்தவருக்கு அரை மணி நேரம் தாராளமாக இருந்தது. கையில் இருந்தது ஒரே ஒப்பந்தம்தான். அதன் ஆயுள் மூவருக்கும் மூன்று விதம். ஆப்ஷன் வாங்குபவர்கள் தரகுக் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல் இந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

5.30-க்குப் பிறகு வரும் செய்தியை வைத்து முடிவை மாற்றுவது விதிமீறல். தரகர்கள் வாடிக்கையாளர்களின் அறிவுறுத்தலைத் தீர்வு அமைப்புக்கு அனுப்பிவைப்பது அதற்குப் பிறகும் நடக்கலாம். ஆனால் முடிவு 5.30-க்குள் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவே இரவு 8.30-க்கு ஒரு பெரிய செய்தி வந்தால், அதனால் புதிதாக உங்கள் மேல் அசைன்மென்ட், அதாவது பங்கை ஏற்க வேண்டிய கடமை, விழாது. 2011 ஆகஸ்ட் 5 வெள்ளி இரவு ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் அமெரிக்காவின் தரத்தை இறக்கிய செய்தி இந்த வகை. அது உரிமையைப் பயன்படுத்தும் முடிவுகளை மாற்றவில்லை. ஏற்கெனவே பங்கை ஏற்றுக்கொண்டவர்களைத் திங்கட்கிழமை தாக்கியது. எக்ஸ்பைரி நாளில் இருக்கும் இந்த இரண்டு ஆபத்துகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 4 மணியிலிருந்து 5.30 வரை இருப்பது, பங்கு வருமா வராதா என்ற ஆபத்து. 5.30-இலிருந்து திங்கள் காலை 9.30 வரை இருப்பது, வந்துவிட்ட பங்கின் விலை எங்கே போகும் என்ற ஆபத்து. உங்கள் மேல் இரண்டும் விழுந்திருக்கின்றன.

இனி உங்கள் நஷ்டக் கணக்கு. 594 புட்டை விற்று 590 புட்டை வாங்கியபோது திரை காட்டிய அதிகபட்ச நஷ்டம், இரண்டு விலைகளுக்கும் உள்ள வித்தியாசம் 4 டாலர், இருநூறு பங்குகளுக்கு 800 டாலர், அதில் நீங்கள் நிகரமாக வாங்கிய பிரீமியத்தைக் கழித்தால் இன்னும் குறைவு. இரண்டு புட்டுகளும் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கணக்கு சரிதான். வெள்ளி மாலை நடந்தது என்ன? விலை 591.80 பக்கம். 594-க்குக் கீழே இறங்கிவிட்டது, ஆனால் 590-க்கு மேலே இருக்கிறது. நீங்கள் விற்ற புட் உங்கள் மேல் பாய்ந்தது. நீங்கள் வாங்கிய புட்டுக்காக யாரும் எந்த அறிவுறுத்தலும் தரவில்லை. 4 மணி விலைப்படி அது நஷ்டத்தில் இருந்ததால் இயல்பு நிலையின்படி கைவிடப்பட்டது. 5.30-க்குப் பிறகு உங்களிடம் இருந்தவை 594-க்கு வாங்கிய 200 பங்குகள் மட்டும், கீழே எந்தத் தடுப்பும் இல்லாமல். 118,800 டாலர் மதிப்புள்ள அந்தப் பங்குகளைத் தாங்க உங்கள் கணக்கில் பணம் இல்லை. திங்கள் காலை SPY 588 டாலரை ஒட்டித் திறந்தது. பங்குக்கு 6 டாலர் வீதம் 1,200 டாலர். திரையில் இருந்த எண் பொய்யில்லை. அது பொருந்தும் காலம் வெள்ளி மாலையோடு முடிந்துவிட்டது.

விலை 594-க்கு மேலே நன்றாக விலகி நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. 590-க்குக் கீழே ஆழமாகப் போயிருந்தாலும், 4 மணிக்கு முன்பே போயிருந்தால், இரண்டு புட்டுகளும் தாமாகவே பயன்படுத்தப்பட்டுக் கணக்கு 800 டாலரோடு அடைபட்டிருக்கும். 594, 590 என்ற இரண்டு ஸ்டிரைக் விலைகளுக்கு நடுவில், அல்லது விற்ற ஸ்டிரைக்கின் வாசலில், முடிவு விலை வந்து நிற்கும்போதுதான் விற்ற புட்டும் வாங்கிய புட்டும் சேர்ந்த ஸ்பிரெட் தன் ஒரு பாதியை இழக்கிறது. 594.20 என்பது வாசலில் நிற்பது. வணிகர்கள் இதை pin risk என்பார்கள். அந்த நிலையில் வெள்ளி மாலை 4 மணிக்கு "முடிந்தது" என்று சொல்ல யாராலும் முடியாது.

அன்று மாலை விழித்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று பார்ப்போம், ஏனென்றால் இதில்தான் உறுதியானதும் சந்தேகமானதும் பிரிகின்றன. உங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, 590 புட்டையும் பயன்படுத்துமாறு தரகரிடம் சொல்வது. அப்படிச் சொல்லியிருந்தால் 594-க்கு வரும் பங்கு 590-க்குப் போய்விடும், நஷ்டம் திரையில் கண்ட 800 டாலரோடு நிற்கும். ஆனால் அந்த நேரத்தில் பின்மாலைச் சந்தையிலேயே 591.80-க்கு விற்க முடியும்போது 590-க்கு விற்பது பங்குக்கு 1.80 டாலரை வீணாக்குவது. அதைவிடப் பெரிய சிக்கல், 594 புட் உங்கள் மேல் பாயுமா என்பது அப்போது உங்களுக்குத் தெரியாது. பாயாமல் போனால், 590-க்கு விற்ற 200 பங்குகளைக் கையில் இல்லாமலே விற்றவராகத் திங்களைச் சந்திப்பீர்கள்.

இரண்டாவது வழி, பின்மாலை வணிகத்தில் SPY-ஐ 591.80 பக்கம் முன்கூட்டியே விற்றுவிடுவது. அசைன்மென்ட் முழுவதும் வந்தால் பங்குக்கு 2.20 வீதம் 440 டாலர் நஷ்டத்தோடு கதை முடியும். வராவிட்டால் இங்கேயும் அதே நிலை, கையில் இல்லாததை விற்றவராக வார இறுதியைக் கழிக்க வேண்டும். அந்த நேரத்தில் வாங்குவோர் விற்போர் விலைகளுக்கு இடையே இடைவெளி அகலமாக இருக்கும், லிமிட் ஆர்டர் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும், கையில் இல்லாத பங்கை விற்கச் சில்லறைக் கணக்குகள் பலவற்றுக்கு அனுமதியே இருக்காது. SPY-க்கு நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இடைவெளி தாங்கக்கூடியது. ஒரு சிறிய நிறுவனப் பங்குக்கு இதை முயன்றால் காப்பீட்டுச் செலவே நஷ்டத்தை மீறிவிடும்.

மூன்றாவது வழி எதுவும் செய்யாமல் காத்திருப்பது. நீங்கள் அறியாமல் எடுத்தது அதுதான். அன்று அது மோசமாக முடிந்தது. ஆனால் திங்களன்று 588-இல் திறந்த SPY, அன்றே 594.85-க்கு ஏறி முடிந்தது. தரகர் விற்காமல் விட்டிருந்தால், அல்லது உங்கள் கணக்கில் போதிய பணம் இருந்திருந்தால், நாள் முடிவில் 170 டாலர் லாபம் காட்டியிருக்கும். இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. கணக்கின் அளவுக்கு மீறிய பங்குகள் வந்து விழும்போது, விலை திரும்பி வரும்வரை காத்திருக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்காது என்பதைக் காட்டவே சொல்கிறேன். மார்ஜின் போதாத கணக்கைத் தரகர் முதல் நிமிடத்திலேயே கலைத்துவிடலாம். அதற்கு உங்களை முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்பதில்லை. கணக்குத் திறக்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட மார்ஜின் உடன்படிக்கையில் அந்த வாசகம் இருக்கும்.

இந்த மூன்று வழிகளும் சரிவராததற்கு அடிப்படைக் காரணம் ஒன்றே: விற்றவருக்குத் தன் மேல் எத்தனை ஒப்பந்தம் விழும் என்பது மாலையில் தெரியாது. அன்று 594 புட் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். நிறுவனங்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் பயன்படுத்தியிருக்கும். தூங்கிவிட்டவர்கள், செய்தியைக் கவனிக்காதவர்கள், தரகரின் நேரம் தாண்டிவிட்டவர்கள் ஆகியோரின் புட்டுகள் இயல்பு நிலைப்படி காலாவதியாகியிருக்கும். பயன்படுத்தப்பட்டவற்றை ஓசிசி, தரகு நிறுவனங்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கும். தரகர் அதைத் தன் வாடிக்கையாளர்களிடையே குலுக்கல் முறையிலோ, முதலில் விற்றவருக்கு முதலில் என்ற முறையிலோ பகிர்ந்தளிப்பார். இரண்டில் இரண்டும் உங்களுக்கு விழுந்தன. ஒன்று மட்டும் விழுந்திருக்கலாம், ஒன்றுமே விழாமலும் போயிருக்கலாம். இந்தப் பகுதியை எந்த அனுபவமும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. சனிக்கிழமை கணக்கைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி.

இதே மாலை ஆப்ஷன் வாங்கியவர்களுக்கும் ஓர் எதிர்ப்பக்கக் கண்ணி இருந்தது. 594 டாலருக்கு வாங்கும் உரிமையான 594 கால் ஆப்ஷனை வைத்திருந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். 594.20-இல் அது இருபது சென்ட் லாபத்தில் முடிந்தது, ஆகவே தானாகப் பயன்படுத்தப்படும் பட்டியலில் இருந்தது. விலை 591.80-க்கு இறங்கிய பிறகு 594 கொடுத்து வாங்குவதில் பொருளில்லை. "வேண்டாம்" என்று அவர் தரகரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டவருக்கு ஒப்பந்தத்துக்கு 100 பங்குகள் 594-க்கு வந்து சேர்ந்தன. திங்கள் தொடக்கத்தில் அவரும் 600 டாலரை ஒட்டி நஷ்டத்தில் இருந்தார். அந்தக் கால் ஆப்ஷனை விற்றவருக்கு இன்னொரு ஏமாற்றம். தன்னிடம் உள்ள பங்குகள் மீது கால் ஆப்ஷன் விற்று, "பங்கு போய்விடும்" என்று நம்பி அந்தப் பணத்துக்கு வேறு திட்டம் வைத்திருந்தவர், பங்குகள் அப்படியே கையில் இருப்பதைச் சனிக்கிழமை கண்டிருப்பார். வாங்கியவருக்குத் தடுக்க வழி உண்டு, அவர் கவனிக்க வேண்டும். விற்றவருக்கு அந்த வழி இல்லை.

உங்களுக்கு உண்மையில் பயன்பட்டிருக்கக்கூடிய நேரம் செய்திக்கு முந்தையது. SPY மீதான ஆப்ஷன்கள் எக்ஸ்பைரி நாளிலும் 4.15 வரை வணிகமாகும். தனி நிறுவனப் பங்குகளின் ஆப்ஷன்கள் 4 மணியோடு நின்றுவிடும். சில தரகர்கள் இந்தக் கடைசி கால் மணி நேரத்தை வாடிக்கையாளருக்குத் திறந்துவிடுவதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விற்ற புட்டைத் திரும்ப வாங்கிக் கதையை முடிக்க அதுதான் கடைசி வாய்ப்பு. ஸ்டிரைக்குக்கு இருபது சென்ட் தொலைவில் விலை நிற்கும்போது அதற்குச் சிறிது பணம் செலவாகத்தான் செய்யும். அந்தச் செலவைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். அந்தப் பணத்தைக் கொடுத்தால் ஒன்றரை மணி நேர உரிமையை எதிர்த்தரப்பிடமிருந்து திரும்ப வாங்குகிறீர்கள். பங்கின் விலை ஸ்டிரைக்கிலிருந்து ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் எந்த வெள்ளியிலும் நான் அதைக் கொடுத்துவிடச் சொல்வேன். ஒரு சதவீதம் என்பது விதியில் உள்ள எண் அல்ல, என் பழக்கம். SPY போன்ற பரந்த இடிஎஃபுக்கு அது போதுமானது. மருந்து நிறுவனங்கள், கையகப்படுத்தல் பேச்சில் அடிபடும் நிறுவனங்கள் போன்றவற்றில் மருந்து ஒப்புதல் மறுப்போ பேச்சு முறிந்த செய்தியோ வெள்ளி மாலையில் வந்து விலையைப் பாதியாக்கும் சாத்தியம் உண்டு. அங்கே எந்தத் தொலைவும் பாதுகாப்பில்லை, விற்ற ஆப்ஷனை மூடாமல் வீட்டுக்குப் போகக் கூடாது.

நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் நேரக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கோடையில் நியூயார்க்குக்கும் உங்களுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அவர்களின் வெள்ளி மாலை 4 மணி உங்கள் சனி அதிகாலை 4 மணி, 5.30 என்பது உங்கள் 5.30. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளும். சென்னையில் இருப்பவருக்குக் கோடையில் நியூயார்க்கின் 5.30 என்பது அதிகாலை 3 மணி. விழித்திருக்கப் போவதில்லை என்றால், வெள்ளி இரவு நீங்கள் படுக்கப்போகும்போதே மூடுவதற்கான லிமிட் ஆர்டரைப் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். அந்த விலைக்கு யாரும் விற்காமல் ஆர்டர் நிறைவேறாமல் போகலாம் என்பதால் விலையைக் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள்.

பங்கு கைமாறும் சிக்கலே வேண்டாம் என்றால் ரொக்கமாகத் தீரும் குறியீட்டு ஆப்ஷன்கள் இருக்கின்றன. எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் மீது SPXW என்ற பெயரில் வருபவையும், அவற்றின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள XSP-யும் எக்ஸ்பைரி நாளின் மாலை முடிவு விலையில் பணமாகத் தீர்ந்துவிடும். ஐரோப்பிய வகை என்பதால் யாரும் அவற்றை முன்கூட்டியோ பின்மாலைச் செய்தியைப் பார்த்தோ பயன்படுத்த முடியாது. அன்று நீங்கள் இதே ஸ்பிரெட்டை XSP-இல் வைத்திருந்தால், மூடிஸ் அறிவிப்பு உங்களைத் தொட்டிருக்காது. இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தில் பலர் விழுகிறார்கள், கவனமாக இருங்கள். SPX என்று மட்டும் வரும் பழைய மாதாந்திர ஒப்பந்தம் வேறு வகை. அதன் வணிகம் மூன்றாவது வெள்ளிக்கு முந்தைய வியாழனோடு நின்றுவிடும். தீர்வு விலை வெள்ளி காலையில், குறியீட்டில் உள்ள ஒவ்வொரு பங்கும் முதன்முதலில் கைமாறும் விலையைக் கொண்டு கணக்கிடப்படும். ஆகவே வியாழன் மாலை முதல் வெள்ளி காலை வரை வரும் எல்லாச் செய்தியும், காலை 8.30-க்கு வரும் அரசுப் பொருளாதாரப் புள்ளிவிவரம் உட்பட, உங்கள் மேல் விழும். வெளியேறக் கதவு கிடையாது. சில பங்குகள் தாமதமாகத் திறந்தால் அவை திறந்த விலைதான் எடுத்துக்கொள்ளப்படும். அதனால் திரையில் அந்தக் காலை கண்ட எந்தக் குறியீட்டு எண்ணோடும் தீர்வு விலை பொருந்தாமல் போவதுண்டு. பங்கு வரும் சிக்கலிலிருந்து தப்பிக்க இதற்குள் நுழைந்தால் இரவு முழுவதுக்குமான ஆபத்தை வாங்கிக்கொள்வீர்கள்.

இது தரகரின் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். அசைன்மென்ட்டை எதிர்த்து எழுதுவதில் பயனில்லை. ஒதுக்கீடு முடிந்துவிட்டால் அதை யாரும் திருப்ப மாட்டார்கள். இரண்டு விஷயங்களை மட்டும் எழுத்தில் கேளுங்கள். எக்ஸ்பைரி நாளன்று வாடிக்கையாளர் அறிவுறுத்தலை அவர்கள் எத்தனை மணிவரை, செயலியிலா தொலைபேசியிலா எந்த வழியில், ஏற்கிறார்கள் என்பது ஒன்று. பணம் போதாத கணக்கில் விற்ற ஆப்ஷன் ஸ்டிரைக்கை ஒட்டி நிற்கும்போது, எக்ஸ்பைரி நாள் பிற்பகலில் அவர்களே அதை மூடிவிடும் கொள்கை வைத்திருக்கிறார்களா என்பது மற்றொன்று. பல தரகர்கள் மூடிவிடுகிறார்கள். ஆனால் விலை வெளியே இருக்கும் ஆப்ஷனைத் தொடாமல் விட்டுவிடுவதும் வழக்கம். உங்கள் 594 புட் அந்த இருபது சென்ட்டால் அவர்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அவர்கள் எழுதி வெளியிட்ட கொள்கைப்படி அன்று மூடியிருக்க வேண்டும் என்று தெரியவந்தால் மட்டும் உங்கள் புகாருக்கு இடமுண்டு. அந்தப் பதிலை வாங்கிய பிறகு, மே 16 பிற்பகல் உங்கள் கணக்குக்கு வந்த எச்சரிக்கைச் செய்திகளை நேரத்தோடு எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.